மூன்று சதவீதம் எங்கிருந்து வந்தது?

ஏஜென்சி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு பக்க பி.டி.எஃப். மேலே கொட்டை எழுத்தில் மூன்று எண்கள்: சி.டி.ஆர். 3 சதவீதம், சி.பி.சி. 8 ரூபாய், கன்வர்ஷன் ரேட் 2.8 சதவீதம். "நல்லா போகுதுன்னு சொல்றாங்க தம்பி. ஆனா கல்லாவுல அது தெரியலையே" என்றார் பாய். அவருக்கு ஆம்பூர் பஜாரில் ஷூ கடை. ஊரைச் சுற்றியுள்ள பெரிய ஃபேக்டரிகள் ஏற்றுமதிக்குத் தைப்பவை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கின் மீதான கூடுதல் வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றிய சமயத்தில்தான் அவர் சொந்தமாக ஒரு வெப்சைட் போட்டு, பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் கூரியரில் ஷூ அனுப்ப ஆரம்பித்தார். இணைய விளம்பரம் அவருக்குப் புதுச் செலவு.

டீ வரும்வரை அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இங்கே அவருடைய அசல் எண்களைத் தராமல், கணக்குப் போட வசதியாக முழு எண்களாக மாற்றித் தருகிறேன்.

அந்த மூன்றும் எங்கிருந்தோ அளந்து எடுத்த எண்கள் இல்லை, மூன்றுமே வகுத்து வந்தவை. விளம்பரம் எத்தனை முறை திரையில் தெரிந்ததோ அது இம்ப்ரெஷன். அதில் எத்தனை முறை அழுத்தினார்களோ அது கிளிக். கிளிக்கை இம்ப்ரெஷனால் வகுத்தால் சி.டி.ஆர். செலவழித்த பணத்தைக் கிளிக்கால் வகுத்தால் சி.பி.சி. ஆர்டரைக் கிளிக்கால் வகுத்தால் கன்வர்ஷன் ரேட். ஆக, எண்ணி எடுத்தவை நான்குதான்: இம்ப்ரெஷன், கிளிக், செலவு, ஆர்டர். மேலே கொட்டை எழுத்தில் இருந்த மூன்றும் அவற்றிலிருந்து பிறந்தவை. அந்த நான்கு எண்ணிக்கைகளும் அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தன.

| விளம்பரம் | இம்ப்ரெஷன் | கிளிக் | செலவு (₹) | ஆர்டர் |
|---|---|---|---|---|
| கூகுள் தேடல் | 40,000 | 2,000 | 24,000 | 60 |
| இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் | 9,50,000 | 9,500 | 38,000 | 38 |
| கூகுள் ரீமார்க்கெட்டிங் | 10,000 | 300 | 2,400 | 15 |

ரீமார்க்கெட்டிங் என்பது ஏற்கெனவே வெப்சைட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு மறுபடி காட்டும் விளம்பரம்.

"பாய், போன்ல கால்குலேட்டர் எடுங்க. மூணு வரியையும் கூட்டுங்க." இம்ப்ரெஷன் 10 லட்சம், கிளிக் 11,800, செலவு 64,400 ரூபாய், ஆர்டர் 113. இப்போது மேலே இருந்த எண்களைக் கீழே இருந்த எண்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும். சி.டி.ஆர். 3 சதவீதம் என்பது உண்மையானால் 10 லட்சம் இம்ப்ரெஷனுக்கு 30,000 கிளிக் வந்திருக்க வேண்டும். வந்தது 11,800. ஒரு கிளிக் 8 ரூபாய் என்றால், 11,800 கிளிக்குக்கு 94,400 ரூபாய் செலவாகியிருக்க வேண்டும். ஆனது 64,400. கன்வர்ஷன் 2.8 சதவீதம் என்றால் 330 ஆர்டர் வந்திருக்க வேண்டும். வந்தது 113. ஒரே தாளின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றையொன்று பொய்யாக்கின.

இப்படித் திருப்பிப் பெருக்கிப் பார்ப்பதற்கு ஏஜென்சியின் கணக்குக்குள் நுழைய வேண்டியதில்லை. விகிதமும் மொத்தமும் ஒரே தாளில் இருந்தால் போதும், அந்த இடத்திலேயே சோதித்துவிடலாம். விகிதங்களை மட்டும் போட்டு எண்ணிக்கைகளை விட்டுவிட்டு அறிக்கை அனுப்பும் ஏஜென்சிகளும் உண்டு. அப்படி வந்தால் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கிய பிறகே விகிதத்தைப் படிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இந்த 3 சதவீதம் எப்படி வந்தது என்பதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தேடலின் சி.டி.ஆர். 5, ரீல்ஸ் 1, ரீமார்க்கெட்டிங் 3. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 3. அதேபோல 12 ரூபாய், 4 ரூபாய், 8 ரூபாய்க்குச் சராசரி 8 ரூபாய். 3, 0.4, 5 சதவீதங்களுக்குச் சராசரி 2.8. யாரோ எக்செல்லில் விகிதங்கள் இருந்த கட்டங்களின் அடியில் `AVERAGE` போட்டு இழுத்துவிட்டார்கள். ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருந்திருந்தால் கிளிக் விலையை அசலைவிட அதிகமாகக் காட்டியிருக்க மாட்டார்கள்.

"சராசரிதானே, அதுல என்ன தப்பு?" என்று கேட்டார் பாய். தோல் வாங்கி விற்ற குடும்பத்துக்காரர் இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சதுர அடி 60 ரூபாய்க்கு 2,000 அடியும் 110 ரூபாய்க்கு 200 அடியும் வாங்கினால் சராசரி விலை என்ன? 85 என்று ஆம்பூரில் எந்த வியாபாரியும் சொல்லமாட்டார். மொத்தம் கொடுத்தது 1,42,000, மொத்தம் வந்தது 2,200 அடி, ஆக அடி 64 ரூபாய் 50 காசு சொச்சம் என்றுதான் சொல்வார். விளம்பரக் கணக்கும் அதேதான். ரீல்ஸ் 9,50,000 முறை தெரிந்திருக்கிறது, ரீமார்க்கெட்டிங் 10,000 முறைதான். இரண்டுக்கும் சமமான குரல் கொடுத்தால் சின்ன வரி பெரிய வரியின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

மொத்தத்தை வைத்து வகுத்தோம். 11,800 கிளிக்கை 10 லட்சத்தால் வகுத்தால் சி.டி.ஆர். 1.18 சதவீதம். 64,400 ரூபாயை 11,800-ஆல் வகுத்தால் சி.பி.சி. 5 ரூபாய் 46 காசு. 113 ஆர்டரை 11,800-ஆல் வகுத்தால் கன்வர்ஷன் 0.96 சதவீதம். தாளில் போட்டிருந்த மூன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எக்செல்லில் இதை எழுத அதிக வேலை இல்லை. B இம்ப்ரெஷன், C கிளிக், D செலவு, E ஆர்டர் என்று வைத்துக்கொண்டால் இவ்வளவுதான்:

```
=SUM(C2:C4)/SUM(B2:B4)
=SUM(D2:D4)/SUM(C2:C4)
=SUM(E2:E4)/SUM(C2:C4)
```

சில நேரம் நமக்கு எண்ணிக்கை கிடைக்காது, விகிதமும் ஒவ்வொரு வரியின் பங்கும் மட்டும் கிடைக்கும். அப்போது பங்கு வைத்துச் சராசரி எடுக்கலாம். ஆனால் எதன் பங்கு என்பதில் கவனம் வேண்டும். எதனால் வகுத்தோமோ அதன் பங்கைத்தான் எடுக்க வேண்டும். சி.டி.ஆருக்கு இம்ப்ரெஷனின் பங்கு: தேடலுக்கு 4 சதவீதம், ரீல்ஸுக்கு 95, ரீமார்க்கெட்டிங்குக்கு 1. அப்படிப் பெருக்கிக் கூட்டினால் 0.20, 0.95, 0.03 சேர்ந்து அதே 1.18 வரும். சி.பி.சி.க்கும் கன்வர்ஷனுக்கும் கிளிக்கின் பங்கு. செலவின் பங்கை வைத்து சி.பி.சி. எடுத்தால் விலை கூடிய வரிக்கு இரண்டு முறை எடை போட்டதாகிவிடும். இந்தப் பிழையையும் நான் அறிக்கைகளில் பார்த்திருக்கிறேன், `AVERAGE` அளவுக்கு எளிதில் கண்ணில் படாது.

இன்னொரு சின்ன விஷம், கிளிக்கே வராத வரி. அதற்கு சி.பி.சி. கிடையாது, பூஜ்யத்தால் வகுக்க முடியாது. எக்செல் `#DIV/0!` என்று கத்தும். அசிங்கமாக இருக்கிறதே என்று சிலர் அங்கே 0 என்று தட்டிவிடுவார்கள். பிறகு சராசரி எடுத்தால், ஒரு கிளிக்கும் தராத விளம்பரம் ஓசியில் கிளிக் தந்ததாகச் சேர்ந்து, மொத்த விலையைக் குறைத்துக் காட்டும். மொத்தத்தை வகுக்கும் முறையில் இந்தச் சிக்கலே வராது. அந்த வரியின் செலவு மேலே சேரும், கிளிக் பூஜ்யம் கீழே சேரும்.

பாய்க்கு இப்போது வேறு கேள்வி. "சரி, இதனால எனக்கு நஷ்டமா லாபமா?" அதற்கு ஒரே ஒரு வகுத்தல் வேண்டும்: செலவை ஆர்டரால் வகுப்பது. சி.பி.சி.யைக் கன்வர்ஷன் ரேட்டால் வகுத்தாலும் அதே விடைதான். தாளில் இருந்தபடி 8 ரூபாயை 2.8 சதவீதத்தால் வகுத்தால் ஒரு ஆர்டருக்கு 286 ரூபாய். அவருக்கு எல்லாச் செலவும் போக ஜோடிக்கு 550 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு ஜோடியிலும் 260 ரூபாய்க்கு மேல் மிச்சம். அசலில் 64,400-ஐ 113-ஆல் வகுத்தால் 570 ரூபாய். ஜோடிக்கு 20 ரூபாய் கையை விட்டுப் போகிறது. கல்லாவில் தெரியாதது இதுதான்.

வரி வரியாகப் பார்த்தால் காரணமும் தெரிந்துவிடும். தேடலில் ஒரு ஆர்டர் 400 ரூபாய், ரீமார்க்கெட்டிங்கில் 160, ரீல்ஸில் 1,000. தாளில் 'மலிவான கிளிக்' என்று பச்சை நிறம் பூசியிருந்தது அந்த ரீல்ஸைத்தான், கிளிக் 4 ரூபாய்.

அந்த 4 ரூபாயைப் பற்றித்தான் நான் அதிகம் சந்தேகப்பட்டேன். இரண்டு கம்பெனிகளும் கிளிக் என்று எழுதுவது ஒரே பொருளை அல்ல. கூகுள் தேடலில் நாம் கிளிக்குக்குத்தான் பணம் கொடுக்கிறோம், அதனால் அங்கே சி.பி.சி. கிட்டத்தட்ட ஒரு கொள்முதல் விலை. 2000-த்தில் தொடங்கிய கூகுளின் ஆட்வேர்ட்ஸும் முதலில் ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு இவ்வளவு என்றுதான் வாங்கியது. 2002-இல்தான் கிளிக்குக்கு ஏலம் வந்தது. மெட்டாவில், அதாவது ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும், பெரும்பாலான விளம்பரங்களுக்கு இன்றும் இம்ப்ரெஷனுக்குத்தான் பில். அங்கே சி.பி.சி. என்பது பிறகு வகுத்துப் பார்த்த எண். எதனால் வகுத்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

மெட்டாவின் ஆட்ஸ் மேனேஜரில் இரண்டு நெடுவரிசை இருக்கும். `Clicks (all)` என்பதில் லைக், கமெண்ட், ஷேர், பக்கத்தின் பெயரைத் தட்டியது எல்லாம் அடங்கும். `Link clicks` என்பதில் விளம்பரத்தில் கொடுத்த இணைப்பைத் தட்டியது மட்டும். பாயின் மகன் லாக்-இன் செய்து காட்டினார். 9,500 என்பது முதல் நெடுவரிசை, இரண்டாவதில் 3,800. ஷூவை அழகாகச் சுற்றிக் காட்டிய அந்த ரீலுக்கு நிறைய இதயக்குறி விழுந்திருக்கிறது. இதயக்குறி போட்டவர் எவரும் அதனால் வெப்சைட்டுக்குள் வந்துவிடவில்லை.

இணைப்புக் கிளிக்கை வைத்து ரீல்ஸ் வரியைத் திரும்பக் கணக்கிட்டோம். சி.டி.ஆர். 1-லிருந்து 0.4 சதவீதமாக இறங்கியது. சி.பி.சி. 4-லிருந்து 10 ரூபாயாக ஏறியது. கன்வர்ஷன் 0.4-லிருந்து 1 சதவீதமாக உயர்ந்தது. ஒன்று கெட்டு, ஒன்று தேறி, பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆனால் ஒரு ஆர்டருக்கான செலவு அசையவில்லை, அதே 1,000 ரூபாய். கிளிக் என்பது இரண்டு வகுத்தலுக்கும் நடுவில் நிற்கும் எண், முடிவில் அடிபட்டுப்போகும். ஆகவே கிளிக்கை எப்படி எண்ணினாலும் மாறாத எண் ஒன்று வேண்டுமென்றால், அது செலவுக்கும் ஆர்டருக்கும் இடையில் உள்ளது. மொத்தமும் இப்போது 6,100 கிளிக் ஆனது: சி.டி.ஆர். 0.61 சதவீதம், சி.பி.சி. 10 ரூபாய் 56 காசு, கன்வர்ஷன் 1.85 சதவீதம், ஆர்டர் செலவு அதே 570. கூகுள் கிளிக்கோடு மெட்டாவின் `Clicks (all)` எண்ணை ஒரே நெடுவரிசையில் கூட்டியது, சராசரிக்கு முன்பே நடந்த தவறு.

ஆர்டர் எண்ணிலும் ஒரு கலப்பு இருந்தது. மெட்டா, வேறு மாற்றாவிட்டால், கிளிக் செய்து 7 நாட்களுக்குள் வாங்கியவரையும், கிளிக்கே செய்யாமல் விளம்பரம் கண்ணில் பட்ட 1 நாளுக்குள் வாங்கியவரையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ரீல்ஸின் 38-இல் 10 பேர் அப்படிப் பார்த்து மட்டும் வந்தவர்கள். கன்வர்ஷன் ரேட் என்பது கிளிக் செய்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது. கிளிக் செய்யாதவர் மேலே இருந்து கீழே இல்லாமல் போனால், அது எதன் விகிதம்? 28 ஆர்டரை மட்டும் எடுத்தால் 0.74 சதவீதம். அந்த 10 பேருக்கு விளம்பரத்தால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. அவர்களைத் தனி நெடுவரிசையில் போட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பாய் இதற்கு மேல் ஒரு படி போனார். கல்லாப்பெட்டி அருகில் இருந்த அனுப்புகை நோட்டை எடுத்துவரச் சொன்னார். அந்த மாதத்தில் விளம்பரம் வழியாக வந்து, பணமும் கைக்கு வந்து சேர்ந்தது 98 ஆர்டர். 113-க்கும் 98-க்கும் இடையே இரண்டு வகை ஓட்டை. ரீலைப் பார்த்துவிட்டு, பிறகு கூகுளில் தேடி வாங்கிய ஒரே ஆளை இரு கம்பெனிகளும் தங்களுடையவர் என்று எண்ணியிருக்கின்றன. கேஷ் ஆன் டெலிவரியில் கேட்டுவிட்டு, கூரியர்காரர் போனதும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள் மற்றொரு வகை. விளம்பரக் கருவி 'ஆர்டர் செய்தாயிற்று' என்ற பக்கம் திறந்த நொடியில் எண்ணிவிடும், சரக்கு திரும்பி வந்தது அதற்குத் தெரியாது. 98-ஆல் வகுத்தால் ஆர்டருக்கு 657 ரூபாய்.

செலவுத் தொகையில் ஜி.எஸ்.டி. உண்டா என்று பாயின் மகன் கேட்டார். நல்ல கேள்வி. ஆட்ஸ் மேனேஜர் காட்டும் செலவு வரிக்கு முந்தையது, பில்லில் அதன் மேல் 18 சதவீதம் சேரும். வெளிமாநிலத்துக்கு அனுப்பும் கடை வழக்கமான ஜி.எஸ்.டி. பதிவில்தான் இருக்கும். அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள முடியும் என்பதால் சி.பி.சி.யில் சேர்க்க வேண்டாம் என்றேன். ஒரு வரியில் வங்கிக் கணக்கிலிருந்து போன தொகையும் இன்னொரு வரியில் வரிக்கு முந்தைய தொகையும் இருந்தால்தான் தொல்லை.

ரீமார்க்கெட்டிங்கின் 5 சதவீதத்தைப் பார்த்து, "பேசாம பணத்தை எல்லாம் இதுலயே போட்டுடலாமா?" என்றார் பாய். இரண்டு காரணங்களால் வேண்டாம் என்றேன். ஒன்று, அது 15 ஆர்டர் மேல் நிற்கும் எண். இந்த அளவு சிறிய எண்ணிக்கையில், ஒன்றுமே மாறாமல் அடுத்த மாதம் 11 வந்தாலும் 19 வந்தாலும் ஆச்சரியமில்லை. விகிதமாகப் பார்த்தால் 3.7-லிருந்து 6.3 வரை. இரண்டாவது, அந்த விளம்பரம் ஏற்கெனவே கடைக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு மட்டும் போகிறது. அவர்களை எட்டிப் பார்க்க வைத்ததில் ரீல்ஸுக்குப் பங்கு இருக்கலாம். ரீல்ஸை அடியோடு நிறுத்தினால் ஆர்டர் செலவு 26,400-ஐ 75-ஆல் வகுத்து 352 ரூபாய் என்று தாளில் அழகாக வரும். அடுத்த மாதம் ரீமார்க்கெட்டிங் காட்டுவதற்கே ஆள் இல்லாமல் போகலாம்.

இது வகுத்தலால் தீரும் கேள்வி இல்லை, நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். மெட்டாவில் ஊர்வாரியாக விளம்பரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். மூன்று வாரம் பெங்களூரில் ரீல்ஸை நிறுத்திவிட்டு, ஹைதராபாத்தில் மட்டும் ஓட்டுவது. எந்த விளம்பரம் உரிமை கொண்டாடுகிறது என்று பார்க்காமல் இரண்டு ஊர்களிலிருந்தும் நோட்டில் விழும் மொத்த ஆர்டரை முந்தைய மூன்று வாரத்தோடு ஒப்பிடுவது. பெங்களூர் ஆர்டர் மட்டும் குறைந்தால், ரீல்ஸ் ஏதோ வேலை செய்கிறது என்று பொருள். திருவிழாச் சமயத்தில் இதைச் செய்யக் கூடாது. ரம்ஜான், தீபாவளி வாரங்களில் ஆர்டர் எதனால் ஏறியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஏஜென்சிக்கு என்ன எழுதுவது என்று கேட்டார். விகிதம் எதுவும் வேண்டாம், ஒவ்வொரு விளம்பரத்துக்கும் இம்ப்ரெஷன், `Link clicks`, வரிக்கு முந்தைய செலவு, கிளிக் வழி வந்த ஆர்டர், பார்த்து மட்டும் வந்த ஆர்டர், இவ்வளவையும் சி.எஸ்.வி. கோப்பாக அனுப்பச் சொன்னேன். மாதக் கடைசி நாளன்றே எடுக்க வேண்டாம் என்றும் சேர்த்தோம். கூகுள் ஒரு ஆர்டரை, அது வந்த நாளில் எழுதாமல் கிளிக் நடந்த நாளின் கணக்கில் எழுதும், வழக்கமாக 30 நாள் வரை காத்திருக்கும். 28-ஆம் தேதி கிளிக் செய்தவர் அடுத்த மாதம் 6-ஆம் தேதி வாங்கினால், போன மாதத்தின் கன்வர்ஷன் ரேட் இந்த மாதம் கூடும். எடுத்த தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிட்டால், அடுத்த முறை எண் மாறியிருக்கும்போது சண்டை வராது.